வெளிநாட்டு வாங்குநர் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்தும் ஆளும் சட்டமும்

வெளிநாட்டு வாங்குநர் ஒருவருடன் செய்யப்படும் விற்பனை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொதுவாக இரண்டு ஷரத்துகள் இடம்பெறும். ஒப்பந்தத்தின் சொற்களுக்கு எந்த நாட்டுச் சட்டப்படி பொருள் கொள்வது என்பதை ஆளும் சட்ட ஷரத்து கூறுகிறது. தகராறு எழுந்தால் அதை நீதிமன்றத்துக்குப் பதிலாக யார், எங்கே, எந்த விதிகளின்படி தீர்ப்பது என்பதை நடுவர் தீர்ப்பு ஷரத்து கூறுகிறது. வணிக வட்டாரத்தில் இது ஆர்பிட்ரேஷன் எனப்படுகிறது. விலை, அளவு, கப்பலேற்றும் தேதி ஆகியவற்றைப் பலமுறை சரிபார்க்கும் சிறு நிறுவனங்கள், இவ்விரண்டையும் வழக்கமான வாசகங்கள் என்று கருதிப் படிக்காமலேயே கையெழுத்திடுவது உண்டு. ஆனால் பணம் நிறுத்தப்படும்போது, அதைக் கேட்டுப் பெறுவது சாத்தியமா என்பதை இவையே முடிவு செய்கின்றன.

இக்கட்டுரை ஒரு கற்பனை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஷரத்தை வாக்கியம் வாக்கியமாகப் படிக்கும் முறையை விளக்குகிறது.

எடுத்துக்காட்டு ஒப்பந்தம்

திருப்பூரில் உள்ள ஒரு சிறு பின்னலாடை நிறுவனம், மான்செஸ்டரில் உள்ள ஒரு வாங்குநருக்கு 24,000 டி-சட்டைகளை ஒன்று 4.10 டாலர் வீதம் விற்க ஒப்புக்கொள்கிறது. மொத்த மதிப்பு 98,400 டாலர். கப்பலேற்றம் தாமதமானால், ஒவ்வொரு வாரத்துக்கும் மொத்த மதிப்பில் 5 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு வரை வாங்குநர் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து உள்ளது. வாங்குநர் அனுப்பிய ஆங்கில வரைவின் 17ஆம் ஷரத்தைத் தமிழில் தந்தால் இவ்வாறு அமையும்:

"இந்த ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்தால் ஆளப்படும். இந்த ஒப்பந்தத்தின் கீழ் எழும் எந்தத் தகராறும் ஐசிசி விதிகளின்படி, மூன்று நடுவர்கள் முன்னிலையில், லண்டனில் நடுவர் தீர்ப்புக்கு அனுப்பப்படலாம். லண்டன் நீதிமன்றங்களுக்கே தனி அதிகார வரம்பு உண்டு."

மூன்றே வாக்கியங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒரு முடிவு அடங்கியிருக்கிறது.

சாயமேற்றுவதில் ஏற்பட்ட சிக்கலால் சரக்கு மூன்று வாரம் தாமதமாகத் தூத்துக்குடியிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குநர் சரக்கை முழுவதும் ஏற்று, கடைகளில் விற்றும்விடுகிறார். பின்னர் 15 விழுக்காட்டை, அதாவது 14,760 டாலரை, கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்புகிறார். தாமதத்தால் வாங்குநருக்கு நட்டம் ஏதும் இல்லை என்பது ஏற்றுமதியாளரின் வாதம்.

முதல் வாக்கியம்: ஆளும் சட்டம்

ஆளும் சட்டம் என்பது வழக்கு நடக்கும் ஊரைக் குறிப்பதில்லை. லண்டனில் அமர்ந்து இந்தியச் சட்டப்படியும், சென்னையில் அமர்ந்து இங்கிலாந்துச் சட்டப்படியும் தீர்ப்பளிக்க முடியும். ஒப்பந்தச் சொற்களுக்கு என்ன விளைவு என்பதைத்தான் ஆளும் சட்டம் தீர்மானிக்கிறது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. அதனால் இரு நாட்டுச் சட்டங்களும் பல இடங்களில் ஒத்துப்போகும். வேறுபடும் இடங்களில்தான் பணம் இருக்கிறது. தாமதக் கழிவு அத்தகைய ஓர் இடம்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, மீறலுக்காக ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடு கிடைக்கும். கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், இப்பிரிவின் கீழ் இழப்பீடு பெற நட்டமோ பாதிப்போ ஏற்பட்டிருக்க வேண்டும் என்று கூறியது. நட்டத்தை நிரூபிப்பது கடினமான அல்லது இயலாத வகை ஒப்பந்தங்களில் மட்டும், முன்கூட்டி நேர்மையாக மதிப்பிடப்பட்ட தொகையை அப்படியே வழங்கலாம். எனவே இந்தியச் சட்டம் ஆளுமானால், சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்ற செய்தி ஏற்றுமதியாளருக்கு வலுவான வாதமாகும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் கேவண்டிஷ் எதிர் மக்டெசி வழக்கில் வகுத்த அளவுகோல் இது: குறிக்கப்பட்ட தொகை, ஒப்பந்தம் நிறைவேறுவதில் மறுதரப்புக்கு உள்ள நியாயமான நலனுக்குச் சிறிதும் பொருந்தாத அளவில் மிகையானதா? மிகையானது என்றால் அது தண்டத்தொகை, செல்லாது. இல்லையென்றால் நட்டத்தை நிரூபிக்காமலேயே முழுத்தொகையும் உரியது. பருவகால ஆடைகள் குறித்த நாளில் கடைக்கு வர வேண்டும் என்பது வாங்குநரின் நியாயமான நலன் என்று வாதிடுவது எளிது. ஆகவே 14,760 டாலரும் வாங்குநரிடமே தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம், ஆளும் சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதல்ல. பெரிய வாங்குநர்கள் அதற்கு இணங்குவது அரிது. இங்கிலாந்துச் சட்டம் நீடிக்குமானால், தாமதக் கழிவுக்கான விழுக்காட்டைக் கையெழுத்துக்கு முன்பே குறைக்க வேண்டும் என்பதே பாடம். நட்டமே இல்லை என்று பின்னால் வாதிட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கே பெரிதாக உதவாது.

வாங்குநர் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் அந்நாடுகள் சேர்ந்துள்ளன. இந்தியாவும் பிரிட்டனும் சேரவில்லை. எனவே "ஜெர்மன் சட்டம் ஆளும்" என்று மட்டும் எழுதினால், பொதுவாக அந்த உடன்படிக்கையும் ஜெர்மன் சட்டத்தின் பகுதியாக ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். வேண்டாம் என்றால் அதை விலக்குவதாகத் தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டாம் வாக்கியம்: "அனுப்பப்படலாம்"

இரண்டாம் வாக்கியத்தில் மிகச் சிக்கலான சொல் அதன் வினைச்சொல். ஆங்கில மூலத்தில் "ஷல்" என்று இருந்தால் கட்டாயம், "மே" என்று இருந்தால் விருப்பம் என்பது பொதுப் புரிதல். இங்கே இருப்பது "மே". தகராறு வந்தால் இரு தரப்பும் கட்டாயம் நடுவரிடம் போக வேண்டுமா, அல்லது அப்போது மீண்டும் ஒருமுறை இருவரும் சம்மதிக்க வேண்டுமா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2007இல் ஜகதீஷ் சந்தர் வழக்கில், "தரப்பினர் அவ்வாறு தீர்மானித்தால்" நடுவர் தீர்ப்புக்கு அனுப்பப்படும் என்ற ஷரத்தை ஆராய்ந்தது. பின்னால் புதிதாக ஒரு சம்மதம் தேவைப்படுகிறது என்றால், அது நடுவர் தீர்ப்பு உடன்படிக்கையே அல்ல என்று முடிவு செய்தது. லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் 2016இல் ஆன்சென் எதிர் ஹெர்மிஸ் ஒன் வழக்கில் வேறொரு வாசகத்தை ஆராய்ந்தது. எந்தத் தரப்பும் தகராறைக் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்புக்கு "அனுப்பலாம்" என்பது அந்த வாசகம். இது ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு விருப்புரிமையைத் தருகிறது என்றும், ஒருவர் அதைப் பயன்படுத்தினால் மற்றவர் கட்டுப்பட வேண்டும் என்றும் அது கூறியது. ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனால்கூட, மற்றவர் நடுவர் தீர்ப்பை வலியுறுத்தி அவ்வழக்கை நிறுத்தலாம்.

இரு வழக்குகளின் வாசகங்களும் ஒன்றல்ல. ஆயினும் நம் ஷரத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யார் அனுப்பலாம் என்று அதில் இல்லை. மறு சம்மதம் வேண்டும் என்றும் இல்லை. ஏற்றுமதியாளர் திருப்பூரில் வழக்குத் தொடுத்தால் வாங்குநர் நடுவர் தீர்ப்பைக் காட்டித் தடுப்பார். அவரே நடுவர் தீர்ப்பைத் தொடங்கினால், அப்படி ஓர் உடன்படிக்கையே இல்லை என்று வாங்குநர் வாதிடலாம். 14,760 டாலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, எங்கே பேசுவது என்ற சண்டைக்குப் பணம் செலவாகும். "மே" என்பதை "ஷல்" என்று மாற்றிவிட்டால் இந்தச் சண்டைக்கு இடமில்லை. வாங்குநரும் பெரும்பாலும் இதை மறுக்க மாட்டார்.

"ஒப்பந்தத்தின் கீழ் எழும்" என்பதைவிட "ஒப்பந்தத்திலிருந்தோ அதன் தொடர்பிலோ எழும்" என்பது பாதுகாப்பான சொல்லாட்சி. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஃபியோனா டிரஸ்ட் தீர்ப்புக்குப் பின் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பு குறைந்துவிட்டது. பிற நாடுகளில் அப்படியே என்று சொல்ல முடியாது.

"லண்டனில்": இருக்கையும் கூடும் இடமும்

நடுவர் தீர்ப்பில் "இருக்கை" என்பது சட்ட முகவரி. ஆங்கிலத்தில் இதைச் சீட் என்பர். நடுவர்களும் தரப்பினரும் உண்மையில் கூடிப் பேசும் இடம் வென்யூ. இருக்கை லண்டனாக இருந்தாலும் விசாரணையைச் சென்னையிலோ காணொளியிலோ நடத்தலாம். ஆனால் நடுவர் விசாரணையின் நடைமுறையை மேற்பார்வையிடுவதும், தீர்ப்பில் பெரும் பிழை நேர்ந்தால் அதை ரத்து செய்வதும் இருக்கை அமைந்த நாட்டு நீதிமன்றத்தின் வேலை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2012இல் பால்கோ வழக்கில், இருக்கை வெளிநாட்டில் இருந்தால் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் முதல் பகுதி பொருந்தாது என்று முடிவு செய்தது. இருக்கை லண்டன் என்றால், அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல முடியாது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. தரப்பினர் விலக்காத வரையில், சொத்தை முடக்கி வைப்பது போன்ற இடைக்கால நிவாரணத்தை இந்திய நீதிமன்றத்திடம் கேட்கலாம். வாங்குநருக்கு இந்தியாவில் சரக்கோ பணமோ இருந்தால்தான் அது பயன்படும்.

ஷரத்தில் இருக்கை என்ற சொல்லே இல்லாமல் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 2019இல் பிஜிஎஸ் சோமா வழக்கில், நடுவர் விசாரணைக்கென ஓர் ஊர் குறிக்கப்பட்டு, அதற்கு மாறான அறிகுறி ஏதும் இல்லையெனில் அந்த ஊரே இருக்கை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2020இல் மன்கஸ்து வழக்கில், ஒரே ஷரத்தில் இந்தியச் சட்டமும் புது டெல்லி நீதிமன்றங்களும் குறிக்கப்பட்டிருந்தும், நடுவர் தீர்ப்பு நடைபெறும் இடம் ஹாங்காங் என்று எழுதியிருந்ததால் இருக்கை ஹாங்காங் என்றே முடிவாயிற்று. "இந்தியச் சட்டம் ஆளும்" என்று எழுதியிருப்பதால் இந்திய நீதிமன்றம் கைகொடுக்கும் என்று நம்புவது தவறு என்பதற்கு இவ்வழக்கு நல்ல சான்று.

நடுவர் தீர்ப்பு உடன்படிக்கைக்கென்று தனியே ஒரு சட்டமும் உண்டு. அந்த உடன்படிக்கை செல்லுமா, யாரைக் கட்டுப்படுத்தும் என்பவற்றை அது முடிவு செய்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள இங்கிலாந்தின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி, தரப்பினர் வெளிப்படையாக வேறு சட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இருக்கையின் சட்டமே இதற்கும் பொருந்தும். ஒப்பந்தம் முழுவதற்கும் ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது மட்டும் அத்தகைய வெளிப்படையான தேர்வாகாது. நம் ஷரத்தில் இரண்டும் இங்கிலாந்து என்பதால் சிக்கல் இல்லை. ஆளும் சட்டத்தை இந்தியா என்று மாற்றிவிட்டு, லண்டனை அப்படியே விட்டால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று நடுவர்களும் செலவும்

ஐசிசி என்பது பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிக மன்றம். அதன் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, கோரிக்கை தாக்கல் செய்யவே திருப்பித் தரப்படாத 5,000 டாலர் கட்ட வேண்டும். தகராறில் உள்ள 14,760 டாலரில் இது மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் நடுவர்களின் ஊதியம், நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம், லண்டன் வழக்கறிஞரின் கட்டணம் ஆகியவை உள்ளன. மூன்று நடுவர்கள் என்றால் ஊதியமும் மூன்று பேருக்கு. ஷரத்து செல்லுபடியாகிறது, வாதமும் வலுவானது, ஆயினும் கேட்டுப் பெறும் செலவு கிடைக்கும் பணத்தைவிட அதிகம் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. பணத்தைக் கழித்துக்கொள்பவர் வாங்குநர் என்பதால், இந்த நிலை அவருக்கே சாதகம்.

அதே விதிகளில் ஒரு விரைவு நடைமுறையும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் செய்யப்பட்ட உடன்படிக்கைகளில், தகராறின் மதிப்பு 30 லட்சம் டாலருக்கு மேல் போகாவிட்டால் அது பொதுவாகத் தானாகவே பொருந்தும். அப்போது ஷரத்தில் மூவர் என்று எழுதியிருந்தாலும், ஐசிசி ஒரே நடுவரை நியமிக்கலாம். ஆனால் நியமித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆகவே ஷரத்திலேயே "ஒரே நடுவர்" என்று எழுதுவது நல்லது.

சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையம் ஒரு மாற்று வழி. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அதன் விதிகளில், 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான தகராறுகளுக்கு எளிமைப்படுத்தப்பட்ட நடைமுறை ஒன்று இருக்கிறது. ஒரே நடுவர் அமர்ந்து, தீர்ப்பாயம் அமைந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது அதன் பொது நெறி. 98,400 டாலர் ஒப்பந்தத்தின் அளவுக்கு இது பொருத்தமானது. இரு தரப்புக்கும் சொந்த ஊரல்லாத பொது இடம் என்பதால், வாங்குநரிடம் முன்வைக்கவும் எளிது.

நிறுவனத்தின் பெயரைச் சரியாக எழுதுவதும் முக்கியம். இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரையோ, ஒரு நிறுவனத்தின் பெயரையும் வேறொன்றின் விதிகளையுமோ கலந்து எழுதிய ஷரத்துகள் தனி வழக்குகளாக வளர்ந்துள்ளன. அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் மாதிரி ஷரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதே எளிய வழி.

மூன்றாம் வாக்கியம்: லண்டன் நீதிமன்றங்கள்

நடுவர் தீர்ப்பு என்று சொன்ன மறு வாக்கியத்திலேயே "நீதிமன்றங்களுக்கே தனி அதிகாரம்" என்பது முரணாகத் தோன்றும. 1991இல் பால் ஸ்மித் வழக்கில் இத்தகைய இரு ஷரத்துகளை இங்கிலாந்து நீதிமன்றம் ஒத்திசைத்துப் படித்தது. தகராறைத் தீர்ப்பவர் நடுவர், நடுவர் விசாரணையை மேற்பார்வையிடுவது நீதிமன்றம் என்பதே அந்த விளக்கம். ஆனால் நம் ஷரத்தில் "அனுப்பப்படலாம்" என்று இருப்பதால், நடுவரை யாரும் நாடாதபோது லண்டன் நீதிமன்றமே தகராறைத் தீர்க்கும் என்ற வாசிப்பும் இயல்பாக எழுகிறது.

ஏற்றுமதியாளருக்கு இது சிறு விஷயமல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ், பிரிட்டன் பரிமாற்றம் உள்ள நாடாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்குள்ள உயர்நிலை நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அந்நீதிமன்றமே வழங்கிய தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம். 13ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்குகளைக் காட்டி மட்டுமே அதை எதிர்க்க முடியும். "லண்டனில்தானே வழக்கு, நாம் போக வேண்டாம்" என்று அழைப்பாணையைப் புறக்கணிப்பது ஆபத்தானது. ஜெர்மனியும் அமெரிக்காவும் இப்பட்டியலில் இல்லை. அந்நாட்டுத் தீர்ப்புகளின் பேரில் இந்தியாவில் புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டும்.

தீர்ப்பைப் பணமாக்குதல்

இருக்கையைப் பற்றிப் பேசும்போது, வாங்குநரின் சொத்து எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவது பற்றிய 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா, பிரிட்டன், சிங்கப்பூர் ஆகிய மூன்றும் உறுப்பு நாடுகள். மான்செஸ்டர் வாங்குநரின் வங்கிக் கணக்கும் கிடங்கும் பிரிட்டனில் உள்ளன. சென்னை, சிங்கப்பூர், லண்டன் ஆகிய எங்கே பெற்ற நடுவர் தீர்ப்பானாலும் கடைசியில் அங்கேதான் நிறைவேற்ற வேண்டும். எனவே லண்டன் இருக்கை என்பது பணம் கேட்பவருக்குத் தீமை மட்டுமே தருவதல்ல. தொலைவும் செலவும் ஒரு பக்கம். தீர்ப்பையும் நிறைவேற்றத்தையும் ஒரே நாட்டு நீதிமன்றங்கள் பார்ப்பது மறுபக்கம்.

வாங்குநர் உங்கள் மீது கோரிக்கை எழுப்பும் வாய்ப்பையும் எண்ண வேண்டும். அப்போது சொத்து இந்தியாவில் இருக்கும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, அரசிதழில் அறிவிக்கப்பட்ட நாடுகளில் வழங்கப்பட்ட தீர்ப்புகளே இங்கே வெளிநாட்டு நடுவர் தீர்ப்பாக நிறைவேறும். பிரிட்டனும் சிங்கப்பூரும் அப்பட்டியலில் உள்ளன. 48ஆம் பிரிவில் உள்ள சில காரணங்களுக்காக மட்டுமே நீதிமன்றம் மறுக்கலாம். தீர்ப்பின் நியாயத்தை மறுபடியும் விசாரிக்காது.

ஆர்டர் படிவத்தில் ஒளிந்திருக்கும் ஷரத்து

பல சிறு நிறுவனங்களுக்கு 17ஆம் ஷரத்து போன்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை. இரண்டு பக்கக் கொள்முதல் ஆணையின் அடியில், "எங்கள் பொது நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று சிறு எழுத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும். நடுவர் தீர்ப்பு ஷரத்து அந்த நிபந்தனைகளில் இருக்கும். இந்தியச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேறோர் ஆவணத்தைச் சுட்டுவதன் மூலம் அதிலுள்ள ஷரத்தை ஒப்பந்தத்தின் பகுதியாக்க இடம் தருகிறது. வெறும் பொதுச் சுட்டல் போதாது என்பது 2009ஆம் ஆண்டு எம்.ஆர். இன்ஜினியர்ஸ் வழக்கின் பொது விதி. ஆனால் 2018இல் ஐநாக்ஸ் விண்ட் வழக்கில், ஒரு தரப்பின் நிலையான நிபந்தனைகளைப் பொதுவாகச் சுட்டினாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2014ஆம் ஆண்டு கோவிந்த் ரப்பர் வழக்கின்படி, கையெழுத்து இல்லாமலும், தரப்பினரின் நடத்தையிலிருந்தும் கடிதப் போக்குவரத்திலிருந்தும் உடன்படிக்கை ஏற்படலாம். எனவே ஆர்டரை ஏற்று நூல் வாங்கத் தொடங்கும் முன், அந்தப் பொது நிபந்தனைகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஏற்காத ஷரத்தை மின்னஞ்சலில் எழுத்தாக மறுக்க வேண்டும்.

திருத்திய வடிவம்

எடுத்துக்காட்டு நிறுவனம் ஆளும் சட்டத்தை விட்டுக்கொடுத்து, மற்றவற்றைக் கேட்டுப் பெற்றால் ஷரத்து இவ்வாறு அமையலாம்:

"இந்த ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்தால் ஆளப்படும். இந்த ஒப்பந்தத்திலிருந்தோ அதன் தொடர்பிலோ எழும் எல்லாத் தகராறுகளும், அது செல்லுமா என்ற கேள்வி உட்பட, சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையத்தின் அப்போது நடைமுறையில் உள்ள விதிகளின்படி நடுவர் தீர்ப்புக்கு அனுப்பப்பட்டு இறுதியாகத் தீர்க்கப்பட வேண்டும். நடுவர் தீர்ப்பின் இருக்கை சிங்கப்பூர். நடுவர் ஒருவர். மொழி ஆங்கிலம். விசாரணை காணொளி வழியாக நடைபெறலாம். இந்த நடுவர் தீர்ப்பு உடன்படிக்கைக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தும்."

நீதிமன்றங்கள் பற்றிய மூன்றாம் வாக்கியம் இதில் இல்லை. இருக்கை தெளிவாக இருக்கும்போது, மேற்பார்வை எந்த நீதிமன்றத்திடம் என்பதும் தெளிவாகிவிடுகிறது. தாமதக் கழிவை வாரத்துக்கு 1 விழுக்காடு, அதிகபட்சம் 5 விழுக்காடு என்று குறைக்க வாங்குநர் இணங்கினால், அதே மூன்று வாரத் தாமதத்துக்குக் கழியும் தொகை 14,760 டாலருக்குப் பதில் 2,952 டாலர்.

பேரம் பேச இடம் குறைவாக இருந்தால் கேட்கும் வரிசையும் முக்கியம். முதலில் "மே" என்பதை "ஷல்" ஆக்குவதும், மூவரை ஒருவராக்குவதும். இவற்றை மறுக்க வாங்குநருக்குக் காரணம் குறைவு. அடுத்து தாமதக் கழிவு. அதன்பின் இருக்கை. ஆளும் சட்டத்தைக் கடைசியாகக் கேட்கலாம். இவை எதற்கும் வாங்குநர் இணங்காவிட்டால், காப்பு ஷரத்தில் அல்ல, பணம் வரும் முறையில் இருக்க வேண்டும். ஒரு பகுதி முன்பணமோ, மாற்றமுடியாத கடன் கடிதமோ பெற்றுக்கொண்டால் பின்னால் துரத்திப் பிடிக்க வேண்டிய தொகை குறைகிறது. தாமதக் கழிவின் அளவு பெரிதாகவோ, ஆண்டு முழுவதும் தொடரும் ஒப்பந்தமாகவோ இருந்தால், கையெழுத்திடும் முன் பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் இந்த ஒரு பக்கத்தையாவது காட்டிக் கருத்துப் பெறுவது, பின்னர் லண்டனில் செலவிடுவதைவிடக் குறைவாகவே ஆகும்.